செயல்முறை அடக்கவிலையில் அசாதாரண ஆதாயமும் சமான அலகுகளும்: ஒரு நூற்பாலைக் கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்த்தல்

செயல்முறைக் கணக்கில் இயல்பான இழப்பை மட்டும் கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். சமான அலகுகளை மட்டும் கேட்டாலும் சிக்கல் இல்லை. மாதக் கடைசியில் அரைகுறையாக நிற்கும் சரக்கும் அசாதாரண ஆதாயமும் ஒரே கேள்வியில் சேர்ந்து வரும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. ஆதாயம் என்பது கூடுதலாகக் கிடைத்த நல்ல சரக்கு; அதைச் சமான அலகுப் பட்டியலில் ஏன் கழிக்க வேண்டும் என்பது விளங்காததே காரணம். இந்தக் கட்டுரை அந்த ஓர் இடத்தைத் தெளிவாக்குவதற்காகவே எழுதப்படுகிறது. அதற்காக ஒரு நூற்பாலையின் முதல் கட்ட வேலையை எடுத்துக்கொண்டு, ஒரு மாதக் கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் பயிற்சிக்காக அமைத்துக்கொண்டவை. வேலை நடக்கும் விதம் கோவை வட்டார மில்களில் காண்பதுதான்.

சரக்கு எப்படி நகர்கிறது

பஞ்சு பேல்களாக வருகிறது. புளோ ரூமில் அதைப் பிரித்து, உதறி, தூசியையும் விதைத் துணுக்குகளையும் நீக்குகிறார்கள். பிறகு கார்டிங் எந்திரம் இழைகளைச் சீவி, ஸ்லைவர் என்னும் தடித்த மெத்தென்ற கயிறாக்கிக் கேன்களில் சுருட்டி இறக்குகிறது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே செயல்முறையாகக் கொள்வோம். உள்ளே போகும் பஞ்சின் எடை முழுவதும் ஸ்லைவராக வெளியே வராது. தூசியும் குட்டை இழைகளும் கழிவாக விழத்தான் செய்யும். எந்திரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் தவிர்க்க முடியாத இந்தக் கழிவே இயல்பான இழப்பு. அது குப்பைக்குப் போவதில்லை. கழிவுப் பஞ்சு வாங்குபவர்கள் எடை போட்டு எடுத்துச் செல்கிறார்கள்.

மாதத்தின் விவரங்கள் இவை. தொடக்கத்தில் எந்திரங்களில் சரக்கு எதுவும் இல்லை. மாதத்தில் 10,500 கிலோ பஞ்சு, கிலோ ₹160 வீதம், ₹16,80,000-க்கு உள்ளே போனது. கூலி ₹28,200, மேற்செலவுகள் ₹65,800. அடுத்த கட்டத்துக்கு 9,350 கிலோ ஸ்லைவர் அனுப்பப்பட்டது. மாதக் கடைசி ஷிப்ட் முடிந்தபோது 500 கிலோ பஞ்சு, பிரிக்கப்பட்டும் சீவப்படாமலும் நின்றது. அதில் பஞ்சுச் செலவு முழுமையாகவும், கூலியும் மேற்செலவுகளும் 40 சதவீதமும் ஏறியிருக்கின்றன. இயல்பான இழப்பு, வேலை முடியும் கட்டத்தை எட்டிய எடையில் 8 சதவீதம். கழிவு கிலோ ₹63-க்கு விலைபோகிறது.

முதலில் எடையை மட்டும் பாருங்கள்

ரூபாயைத் தொடுவதற்கு முன் கிலோவைச் சரிசெய்துவிட வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்குபவர்களே பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள்.

உள்ளே போன 10,500 கிலோவில் 500 கிலோ இன்னும் பாதி வழியில் நிற்கிறது. கேள்வியில் இயல்பான இழப்பு முடிவுக் கட்டத்தை எட்டிய எடையில் என்று சொல்லப்பட்டிருப்பதால், அந்த 500 கிலோவை விட்டுவிட்டு, 10,000 கிலோவில் 8 சதவீதம் என்று கணக்கிட வேண்டும். அதாவது 800 கிலோ. மொத்த உள்ளீட்டில் 8 சதவீதம் என்று கேள்வி சொல்லியிருந்தால் அது 840 கிலோ ஆகியிருக்கும். சதவீதம் எதன்மேல் என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். இங்கே தவறினால் பின்னால் வரும் ஒவ்வோர் எண்ணும் தவறும்.

எதிர்பார்த்த ஸ்லைவர் 10,000 − 800 = 9,200 கிலோ. உண்மையில் கிடைத்தது 9,350 கிலோ. வேறுபாடான 150 கிலோவே அசாதாரண ஆதாயம். வேறு வழியில் சொன்னால், 800 கிலோ கழிவு விழும் என்று எதிர்பார்த்த இடத்தில் 650 கிலோதான் விழுந்திருக்கிறது.

சமான அலகுகளில் ஆதாயம் ஏன் கழிகிறது

சமான அலகுப் பட்டியல் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுகிறது: இந்த மாதச் செலவை எத்தனை கிலோவின் தலையில் வைப்பது? இயல்பான இழப்புக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை; அதன் சமான அலகு சுழியம். விழுந்தே தீரும் கழிவின் செலவை நல்ல சரக்கே சுமக்க வேண்டும் என்பது அடக்கவிலையின் அடிப்படைக் கொள்கை.

ஆதாயத்துக்கு வருவோம். அடுத்த கட்டத்துக்குப் போன 9,350 கிலோவை நாம் பட்டியலில் முழுமையாக எழுதிவிட்டோம். ஆதாயமான 150 கிலோ தனியே எங்கோ கிடக்கவில்லை. அந்த 9,350-க்குள்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கிலோ ஸ்லைவரின் அடக்கவிலை, வேலை வழக்கம்போல் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ அதுவாக இருக்க வேண்டும். வழக்கம்போல் நடந்திருந்தால் செலவைச் சுமந்திருப்பவை 9,200 கிலோ ஸ்லைவரும் நின்றுபோன 500 கிலோவும் மட்டுமே. ஆகையால் 9,350 என்று எழுதியதிலிருந்து 150-ஐக் கழித்து 9,200-க்குத் திரும்புகிறோம். ஆதாயத்துக்கு முன்னால் போடும் கழித்தல் குறி இதைத்தான் செய்கிறது.

பஞ்சுக்கான சமான அலகுகள்:

9,350 + 500 − 150 = 9,700 கிலோ

கூலிக்கும் மேற்செலவுகளுக்கும், நின்றுபோன 500 கிலோவில் 40 சதவீதம் 200 கிலோ என்பதால்:

9,350 + 200 − 150 = 9,400 கிலோ

இரண்டு வரியிலும் ஆதாயம் முழு 150 ஆகவே கழிவதைக் கவனியுங்கள். இறுதிச் சரக்கு 40 சதவீதம்தான் முடிந்தது என்பதற்காக ஆதாயத்தையும் 40 சதவீதத்தில் எழுதிய விடைத்தாள்களை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். ஆதாயம் என்பது முடிந்து வெளியே போன நல்ல ஸ்லைவர். அதில் எந்தச் செலவும் பாதியில் நிற்பதில்லை. எனவே எல்லாச் செலவு இனத்திலும் அது 100 சதவீதமே.

தொடக்கச் சரக்கு இல்லாதபோது பஞ்சு வரியைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. உள்ளே போன எடையிலிருந்து இயல்பான இழப்பைக் கழியுங்கள்: 10,500 − 800 = 9,700. விடை ஒத்துப்போகிறது.

ஒரு கிலோவின் விலை

கழிவு விற்ற பணத்தைச் செலவிலிருந்து கழிக்கும்போது இன்னொரு கவனம் தேவை. உண்மையில் விற்ற 650 கிலோவின் பணத்தை எடுக்கக் கூடாது. இயல்பான 800 கிலோவுக்கு வந்திருக்க வேண்டிய பணத்தையே எடுக்க வேண்டும். 800 × 63 = ₹50,400. இந்தத் தொகை பஞ்சுச் செலவிலிருந்து மட்டும் கழியும், ஏனென்றால் விற்பது பஞ்சைத்தான்.

பஞ்சு: 16,80,000 − 50,400 = ₹16,29,600; அதை 9,700-ஆல் வகுத்தால் கிலோவுக்கு ₹168.

கூலி: 28,200 ÷ 9,400 = ₹3. மேற்செலவுகள்: 65,800 ÷ 9,400 = ₹7.

ஆக, முழுமையாக முடிந்த ஒரு கிலோ ஸ்லைவரின் அடக்கவிலை ₹178.

இதைக் கொண்டு மூன்று மதிப்புகளைப் போடலாம். அனுப்பிய 9,350 கிலோ, ₹178 வீதம் ₹16,64,300. ஆதாயமான 150 கிலோ, அதே வீதத்தில் ₹26,700. நின்றுபோன 500 கிலோவுக்குப் பஞ்சு 500 × 168 = ₹84,000, கூலியும் மேற்செலவுகளும் 200 × 10 = ₹2,000; மொத்தம் ₹86,000.

இந்த ₹84,000 சிலருக்கு உறுத்தும், உறுத்த வேண்டியதுதான். அந்த 500 கிலோ இன்னும் கழிவு விழும் கட்டத்தை எட்டவே இல்லை. வாங்கிய விலையில் அது ₹80,000 மட்டுமே. இயல்பான இழப்புக்குச் சுழியம் போடும் முறையில், அந்த இழப்பின் சுமை முடிந்த சரக்கின்மேல் மட்டுமல்லாமல் முடியாத சரக்கின்மேலும் சிறிதளவு பரவிவிடுகிறது. இது இந்த முறையின் அறிந்த குறைபாடு. பாடத்திலும் தேர்விலும் வழக்கமாக இந்த முறையையே பின்பற்றுகிறோம். கேள்வி வேறாகச் சொல்லாத வரை நீங்களும் இதிலேயே நில்லுங்கள்.

செயல்முறைக் கணக்கை எழுதுதல்

| பற்று | கிலோ | ₹ | வரவு | கிலோ | ₹ |
|---|---|---|---|---|---|
| பஞ்சு | 10,500 | 16,80,000 | இயல்பான இழப்பு | 800 | 50,400 |
| கூலி | | 28,200 | அடுத்த செயல்முறைக்கு | 9,350 | 16,64,300 |
| மேற்செலவுகள் | | 65,800 | முடிவுறாப் பணி | 500 | 86,000 |
| அசாதாரண ஆதாயம் | 150 | 26,700 | | | |
| மொத்தம் | 10,650 | 18,00,700 | மொத்தம் | 10,650 | 18,00,700 |

ஆதாயம் பற்றுப் பக்கத்தில் வருவது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். வரவுப் பக்கத்தில் 800 கிலோ கழிவையும் 9,350 கிலோ ஸ்லைவரையும் எழுதிவிட்டோம். உள்ளே போகாத 150 கிலோ வெளியே வந்ததுபோல் கணக்கு நிற்கிறது. அந்த 150-ஐ உள்ளே கொண்டுவரும் வாசல்தான் பற்றுப் பக்கத்து வரி.

இனி, 150 கிலோ ஆதாயத்தால் மில்லுக்கு உண்மையில் ₹26,700 மிச்சமானதா என்று கேளுங்கள். இல்லை. அந்த 150 கிலோ கழிவாக விழுந்திருந்தால் கிலோவுக்கு ₹63 வந்திருக்கும். அது இப்போது வராது. இயல்பான இழப்புக் கணக்கில் ₹50,400 பற்று எழுதியிருக்கிறோம்; கழிவு விற்று வந்த பணம் 650 × 63 = ₹40,950 மட்டுமே. குறையும் ₹9,450-ஐ அசாதாரண ஆதாயக் கணக்கு ஈடுகட்ட வேண்டும். ஆதாயக் கணக்கின் வரவில் ₹26,700, பற்றில் ₹9,450. எஞ்சும் ₹17,250 அடக்கவிலை இலாப நட்டக் கணக்குக்குப் போகும். கிலோவுக்கு 178 − 63 = ₹115 வீதம் 150 கிலோவுக்குப் பெருக்கினாலும் அதே ₹17,250 வரும்.

எந்தத் தவறு தானே காட்டிக்கொடுக்கும், எது காட்டாது

ஆதாயத்தைக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டினால், பஞ்சின் சமான அலகு 10,000 ஆகி, விலை ₹162.96-க்கு இறங்கும். பிறகு கணக்கின் இரு பக்கமும் சேராது. பஞ்சுக்காக மட்டுமே ₹48,888 இடிக்கும். இந்தத் தவற்றைக் கண்டுபிடிப்பது எளிது.

ஆதாயத்தை அடியோடு மறந்து, பட்டியலிலும் கணக்கிலும் எழுதாமல் விட்டால் ரூபாய்ப் பத்தி சேர்ந்துவிடும். ஆனால் கிலோப் பத்தியில் ஒரு பக்கம் 10,500, மறுபக்கம் 10,650 என்று நிற்கும். கிலோப் பத்தியை எழுதாமல் ரூபாயை மட்டும் எழுதும் பழக்கம் இருப்பவர்கள் இந்த எச்சரிக்கையை இழந்துவிடுவார்கள்.

மூன்றாவது தவறுதான் ஆபத்தானது. உண்மையில் விழுந்த 650 கிலோவையே இயல்பான இழப்பு என்று எழுதிவிட்டால் கிலோவும் சேரும், ரூபாயும் சேரும், கழிவு விற்ற பணமும் சேரும். பஞ்சு விலை ஏறத்தாழ ₹166.40, மற்றவை ₹9.84, மொத்தம் ₹176.24 என்று, ₹178-க்குப் பதிலாக ஒரு சாதாரணமான எண் வந்து நிற்கும். எங்கும் மணி அடிக்காது. ஒரு மாதத்தில் மட்டும் கிடைத்த ஆதாயம் ஸ்லைவரின் விலைக்குள் கரைந்துபோய், அடுத்த கட்டத்துக்கும் நூலின் விலைக்கும் சென்றுவிடும். இயல்பான இழப்பு என்பது வரையறுத்த சதவீதத்திலிருந்து மட்டுமே வர வேண்டும், தராசிலிருந்து வரக் கூடாது என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்த மாதம்: தொடக்கச் சரக்கு இருக்கும்போது

நின்ற 500 கிலோ அடுத்த மாதத்தின் தொடக்கச் சரக்காகிறது. அந்த மாதம் புதிதாக 9,900 கிலோ உள்ளே போய், 9,300 கிலோ வெளியேறி, 400 கிலோ பாதி முடிந்த நிலையில் நிற்பதாகக் கொள்வோம். முடிவுக் கட்டத்தை எட்டியது 500 + 9,900 − 400 = 10,000; இயல்பான இழப்பு 800; ஆதாயம் 100 கிலோ.

முதலில் வந்தது முதலில் செல்லும் முறையில், இந்த மாதம் செய்த வேலையை மட்டுமே எண்ணுகிறோம். தொடக்க 500 கிலோவுக்குப் பஞ்சு முன்பே ஏறிவிட்டதால் இப்போது சுழியம். கூலிக்கும் மேற்செலவுகளுக்கும் மீதி 60 சதவீதம், அதாவது 300. புதிய பஞ்சிலிருந்து முடிந்தது 9,300 − 500 = 8,800. இறுதிச் சரக்கு பஞ்சுக்கு 400, மற்றவற்றுக்கு 200. ஆதாயம் இரண்டிலும் 100 கழியும். பஞ்சுக்கு 8,800 + 400 − 100 = 9,100; மற்றவற்றுக்கு 300 + 8,800 + 200 − 100 = 9,200. புதிய உள்ளீடு 9,900-லிருந்து 800 போனாலும் அதே 9,100 கிடைப்பதைப் பாருங்கள். சராசரி முறையில் இந்தப் பிரிப்பு தேவையில்லை: வெளியேறிய 9,300-ஐ முழுமையாக எழுதி, தொடக்கச் சரக்கின் மதிப்பை இந்த மாதச் செலவோடு இனவாரியாகச் சேர்த்துக்கொள்வோம். ஆதாயத்துக்கான கழித்தல் இரு முறையிலும் மாறாது.

ஆதாயம் உண்மைதானா

தேர்வறையில் 150 கிலோ என்றால் 150 கிலோதான். மில்லில் வேலைக்குச் சேர்ந்தபின் அந்த எண்ணை அப்படியே ஏற்கக் கூடாது. ஆதாயம் நேரடியாக எடை போட்டுக் கிடைப்பதில்லை; மற்ற எடைகளின் வேறுபாடாக வருகிறது. ஆகவே அவற்றில் எது பிசகினாலும் அது ஆதாயமாக முகம் காட்டும்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது நின்ற சரக்கு. அதை எந்திரத்துக்குள் வைத்து எடை போட முடியாது. மேஸ்திரி கண்மதிப்பாகச் சொல்வதே பெரும்பாலும் ஏட்டில் ஏறுகிறது. உண்மையில் 400 கிலோ நிற்கும்போது 500 என்று எழுதினால், ஏறத்தாழ 100 கிலோ ஆதாயம் வெறும் தாளில் பிறக்கும். அடுத்த மாதம் அதே அளவு காணாமல் போகும். ஒரு மாதம் ஆதாயமும் மறுமாதம் அதற்கு ஈடான இழப்பும் மாறி மாறி வந்தால் இங்கே தேடுங்கள்.

அடுத்தது ஈரம். பஞ்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உலர்ந்த எடைக்கு 8.5 சதவீதம் ஈரம் என்பது பஞ்சுக்குரிய வழக்கமான அளவீடு. பேலாக வந்தபோது 7 சதவீதமாக இருந்த ஈரம், ஈரக்காற்று பாய்ச்சிய கூடத்தில் 8.5 சதவீதமாக ஏறியிருந்தால், 9,350 கிலோ ஸ்லைவர் பழைய ஈர நிலையில் ஏறத்தாழ 9,221 கிலோதான். நாம் இலாபமாக எழுதிய 150-இல் 129 கிலோ தண்ணீர். உண்மையான ஆதாயம் 21 கிலோ.

இதைக் கண்டறியக் கழிவு அறைத் தராசுச் சீட்டே போதும். கழிவு உண்மையில் 650 கிலோ விழுந்திருந்தால் சீட்டிலும் அதுவே இருக்கும். ஈரத்தால் எடை கூடியிருந்தால் சீட்டு ஏறத்தாழ 780 கிலோ காட்டும், அப்போது வெளியே வந்த எடைகளின் கூட்டுத்தொகை உள்ளே போன 10,500-ஐத் தாண்டி நிற்கும். அத்தகைய மாதத்தில் உள்ளீட்டையும் வெளியீட்டையும் ஒரே ஈர அளவுக்கு மாற்றி எழுதிவிட்டு, அதன் பிறகே இயல்பான இழப்பின் சதவீதத்தைப் போட வேண்டும்.